நகரும் பொருளின் விளிம்பு இழுபடாமல் மோஷன் பிளர் போடுவது எப்படி?

கேள்வி: சொந்த எஞ்சினில் ஒரு பைக் விளையாட்டு செய்கிறேன். கேமரா பைக்கின் பின்னாலேயே போகும். டெப்த்தை வைத்து கேமரா மோஷன் பிளர் ஒரு பாஸ், அதற்கு மேல் நகரும் பொருள்களுக்கு இன்னொரு பாஸ் போட்டிருக்கிறேன். ஓடும்போது பைக்கின் நிறம் சாலையில் இழுபட்டு ஒரு நிழல் மாதிரி சுற்றி நிற்கிறது. சிக்னலில் நிற்கும்போது குறுக்கே போகிற பஸ் உள்ளே மட்டும் மங்கி, விளிம்பு கத்தியால் வெட்டியது போல இருக்கிறது. சாம்பிள் எண்ணிக்கையைக் கூட்டியும் மாறவில்லை. எங்கே தப்பு?

பதில்:

சாம்பிளைக் கூட்டினால் இது போகாது. பைக்கில் நிறம் வெளியே கசிகிறது, பஸ்ஸில் வெளியே வரவேண்டிய நிறம் வரவே இல்லை. பார்க்க இரண்டும் எதிரெதிர் மாதிரி தெரிந்தாலும் காரணம் ஒன்றுதான்: உங்கள் ஷேடர் ஒவ்வொரு பிக்சலிலும் அந்தப் பிக்சலின் சொந்த வேகத்தை மட்டும் கேட்டு, அந்தத் திசையில் கிடைப்பதையெல்லாம் சராசரி எடுக்கிறது.

முதலில் பஸ்ஸை எடுத்துக்கொள்வோம். 1920 பிக்சல் அகலத் திரையை அது ஒரு நொடியில் கடக்கிறது என்று வையுங்கள். நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஃப்ரேமுக்கு 32 பிக்சல். ஃப்ரேம் நேரத்தில் பாதி ஷட்டர் திறந்திருக்கிறது என்று எடுத்தால் (திரைப்படக் கேமராவின் 180 டிகிரி ஷட்டர்) பிளர் நீளம் 16 பிக்சல், அதாவது நடுவில் இருந்து இரண்டு பக்கமும் எட்டெட்டு. பஸ்ஸுக்குள் இருக்கும் பிக்சலுக்கு வேகம் இருக்கிறது. அது இருபுறமும் தேடி, விளிம்புக்கு அருகில் பின்னால் உள்ள சுவரையும் கலந்துகொண்டு மங்குகிறது. விளிம்புக்கு ஒரு பிக்சல் வெளியே இருப்பது சுவர். அதன் வேகம் பூஜ்யம். அது எங்கும் தேடுவதில்லை, எனவே பஸ் தன் மேல் பாதி நேரம் இருந்தது என்பது அதற்குத் தெரியாது. உள்ளே மங்கல், வெளியே சுத்தமான சுவர், நடுவில் கத்தி வெட்டு.

பைக்கில் இது தலைகீழ். கேமரா கூடவே போவதால் திரையில் பைக்கின் வேகம் கிட்டத்தட்ட பூஜ்யம், ஓடுவது சாலைதான். பைக்கை ஒட்டிய சாலைப் பிக்சல் தன் வேகத்தின் திசையில் தேடும்போது பைக்கின் மேல் போய் விழுகிறது, அதன் நிறத்தையும் அள்ளிக்கொண்டு வருகிறது. அதுதான் நீங்கள் பார்க்கும் நிழல்.

ஆக, ஒவ்வொரு சாம்பிளிடமும் கேட்கவேண்டிய கேள்வி வேறு: ஷட்டர் திறந்திருந்த நேரத்தில் அந்த இடத்தில் இருக்கும் பொருள் என் மேல் வந்து போயிருக்குமா? அல்லது நான் விலகி, அதைத் தெரியவிட்டிருப்பேனா? இந்தக் கேள்விக்கு ஒழுங்கான விடை சொல்லும் வடிகட்டியை மோர்கன் மெக்குவையரும் உடன் ஆய்வாளர்களும் 2012-இல் வெளியிட்டார்கள். ஹோர்ஹே ஹிமெனெஸ் 2014-இல் சிக்ராஃப் மாநாட்டில் அதைச் செம்மைப்படுத்திக் காட்டினார். கீழே நான் சொல்வது இவ்விரண்டின் வழியில் வருவது.

முதலில் இரண்டு பாஸை ஒன்றாக்குங்கள்

எடை கணக்கெல்லாம் அப்புறம். கேமரா பிளர் தனி, பொருள் பிளர் தனி என்று வைத்திருக்கும்வரை எதுவும் சரியாகாது. முதல் பாஸ் முடியும்போதே பைக்கின் நிறம் சாலையில் கலந்துவிட்டது. இரண்டாவது பாஸ் எவ்வளவு கவனமாக இருந்தாலும் அதைப் பிரித்தெடுக்க முடியாது. போதாததற்கு, பொருளின் வேகத்தில் கேமராவின் அசைவும் சேர்ந்தே இருக்கும் என்பதால் அது இரண்டு முறை மங்கும்.

ஒரே வெலாசிட்டி பஃபர் போதும். அசையாத எல்லாவற்றுக்கும் டெப்த்தில் இருந்து உலக இடத்தைக் கண்டுபிடித்து, போன ஃப்ரேமின் கேமரா மேட்ரிக்ஸால் பெருக்கி வேகத்தை எழுதுங்கள். நகரும் பொருள்கள் வரையப்படும்போது அவற்றின் சொந்த வேகத்தை அதே பஃபரில் எழுதட்டும். இங்கே போன ஃப்ரேமின் கேமரா, போன ஃப்ரேமின் பொருள் மேட்ரிக்ஸ் இரண்டுமே வேண்டும். ஓட்டுநர் போல எலும்பு அசைவு உள்ள உருவம் என்றால் போன ஃப்ரேமின் எலும்பு மேட்ரிக்ஸ்களும் வேண்டும். இதை விட்டுவிட்டால் ஓட்டுநரின் உடல் மொத்தமாக ஒரே பக்கம் மங்கும், வீசும் கை மட்டும் மங்காது.

```hlsl
float2 cur   = curClip.xy  / curClip.w  - jitterCur;
float2 prev  = prevClip.xy / prevClip.w - jitterPrev;
float2 px    = (cur - prev) * float2(0.5, -0.5) * resolution;
float2 reach = px * 0.5 * exposure / dt;
```

`reach` என்பது ஒரு பக்கம் எட்டும் தூரம்; நம் பஸ்ஸுக்கு 8 பிக்சல். `exposure` நொடிக் கணக்கில் ஷட்டர் நேரம், நம் கணக்கில் 1/120. அதை `dt`-ஆல் வகுப்பது முக்கியம். ஒரு ஃப்ரேம் தாமதமாகி 33 மில்லிநொடி ஆனால் அந்த ஃப்ரேமின் வேகம் இரட்டிப்பாகத் தெரியும். வகுக்காமல் விட்டால் பிளரும் ஒரு கணம் இரட்டிப்பாகி, திரை சுவாசிப்பது போல விரிந்து சுருங்கும். இரண்டாவது அச்சில் உள்ள கழித்தல் குறி, திரையின் மேல் மூலையில் இருந்து எண்ணும் முறைக்கானது. உங்கள் எஞ்சின் கீழிருந்து எண்ணினால் எடுத்துவிடுங்கள்.

`w`-ஆல் வகுப்பதை வெர்டெக்ஸ் ஷேடரில் செய்யாதீர்கள். இரண்டு கிளிப் இடங்களையும் அப்படியே அனுப்பி, பிக்சல் ஷேடரில் வகுங்கள். சின்ன முக்கோணங்களில் வித்தியாசம் தெரியாது. கேமராவுக்கு அடியில் இருந்து தொடுவானம் வரை நீளும் சாலை முக்கோணத்தில் வேகம் கண்டபடி வளைந்துவிடும்.

டெம்போரல் ஆன்டிஅலியாசிங் வைத்திருந்தால் இரண்டு ஃப்ரேமின் ஜிட்டரையும் கழித்தே ஆகவேண்டும். சரிபார்க்க எளிய வழி உண்டு. கேமராவையும் பொருள்களையும் அசையாமல் நிறுத்தி, வெலாசிட்டி பஃபரை நூறு மடங்கு பெருக்கித் திரையில் காட்டுங்கள். முழுக் கறுப்பாக இருக்கவேண்டும். லேசாக மினுக்கினால் ஜிட்டர் உள்ளே இருக்கிறது. பஃபருக்குச் சேனலுக்கு 16 பிட் ஃப்ளோட் வையுங்கள். 8 பிட்டில் அடைத்தால் மெதுவாக நகரும் பொருள்கள் படிப்படியாகத் தாவும்.

வெளியே இருக்கும் பிக்சலுக்கு யார் சொல்வது?

சுவர்ப் பிக்சலின் வேகம் பூஜ்யம் என்றால், பக்கத்தில் பஸ் ஓடுகிறது என்பதை யாராவது அதற்குச் சொல்லவேண்டும். அதற்குத்தான் டைல்கள். திரையை 20 × 20 பிக்சல் டைல்களாகப் பிரியுங்கள். 1920 × 1080-க்கு 96 × 54 டைல். ஒவ்வொரு டைலிலும் மிக நீளமான வேக வெக்டரை எடுத்து ஒரு சின்ன பஃபரில் வையுங்கள். பிறகு ஒவ்வொரு டைலுக்கும் அதையும் சுற்றியுள்ள எட்டு டைல்களையும் பார்த்து அவற்றில் மிக நீளமானதை இன்னொரு பஃபரில் வையுங்கள். இப்போது சுவர்ப் பிக்சல் தன் டைலைப் பார்த்தாலே, அக்கம்பக்கத்தில் 8 பிக்சல் எட்டும் பொருள் ஒன்று கிடைமட்டமாக ஓடுகிறது என்று தெரிந்துவிடும். தேடுவது அந்தத் திசையில், அந்த நீளத்துக்கு.

இதில் ஒரு நிபந்தனை. எந்தப் பொருளின் `reach`-ம் டைல் அகலத்தைத் தாண்டக்கூடாது. டைல் 20 என்றால் நீளத்தை 20-இல் வெட்டிவிடுங்கள். வெட்டாமல் விட்டால் வேகமான பொருளின் பிளர் ஒரு டைல் எல்லையில் நேர்கோட்டில் சட்டென்று அறுந்து நிற்கும். படத்தில் சதுரக் கட்டங்கள் தெரிந்தால் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான்.

சுற்றுவட்டாரத்தின் பெரிய வேகமே அரை பிக்சலுக்குக் குறைவு என்றால் எதுவும் செய்யாமல் அசல் நிறத்தைத் திருப்பிவிடுங்கள். பெரும்பாலான காட்சிகளில் திரையின் பெரும்பகுதி இங்கேயே முடிந்துவிடும்.

எடை

இதுதான் பதிலின் மையம். X நாம் நிற்கும் பிக்சல், Y ஒரு சாம்பிள், `d` இரண்டுக்கும் இடையே பிக்சல் தூரம். `lenX`, `lenY` அவரவர் எட்டும் தூரம். `zX`, `zY` கேமராவில் இருந்து மீட்டரில் நேரான தூரம்.

```hlsl
float inFront = saturate(0.5 + (zX - zY) / softZ);
float behind  = 1 - inFront;
float hitY    = saturate(lenY - d + 1);
float hitX    = saturate(lenX - d + 1);
float w       = inFront * hitY + behind * hitX;
sum += float4(colorY * w, w);
```

Y எனக்கு முன்னால் இருந்தால், அது என்னை எட்டுமா என்பது அதன் வேகத்தைப் பொறுத்தது, அதுதான் `hitY`. Y எனக்குப் பின்னால் இருந்தால், அது தெரியுமா என்பது நான் விலகினேனா என்பதைப் பொறுத்தது, அதுதான் `hitX`. சுழல் முடிந்ததும்:

```hlsl
sum  /= N;
color = sum.rgb + (1 - sum.a) * colorX;
```

மொத்த எடையால் வகுக்காமல் சாம்பிள் எண்ணிக்கையால் வகுக்கிறோம் என்பதைக் கவனியுங்கள். மிச்சமுள்ள பங்கை X-இன் சொந்த நிறம் நிரப்புகிறது. மொத்த எடையால் வகுத்தால், ஒரே ஒரு பஸ் சாம்பிள் மட்டும் தேறிய சுவர்ப் பிக்சல்கூட முழுக்கப் பஸ் நிறமாகிவிடும். நான் முதன்முதலில் எழுதியபோது செய்த தப்பு இதுதான். ஓடும் பொருளைச் சுற்றி அதே நிறத்தில் ஒரு தடித்த பட்டை வந்தது. பிளர் ஆனது போலவே இல்லை, பொருள் பருத்துவிட்டது போல இருந்தது.

இப்போது எண்களை ஓட்டிப் பார்ப்போம். 16 சாம்பிள், ஒவ்வொன்றும் ஒரு பிக்சல் இடைவெளியில், தூரம் 0.5 முதல் 7.5 வரை, இருபுறமும். பஸ் 10 மீட்டரில், சுவர் 12 மீட்டரில், `softZ` 0.1 மீட்டர்.

X சுவரில், பஸ்ஸின் விளிம்பில் இருந்து 5 பிக்சல் வெளியே இருக்கட்டும். பஸ்ஸின் மேல் விழுவது 5.5, 6.5, 7.5 தூரத்தில் உள்ள மூன்று சாம்பிள்கள். பஸ் முன்னால் இருப்பதால் `inFront` 1. `lenY` 8 என்பதால் மூன்றுக்கும் `hitY` 1. பஸ்ஸின் பங்கு 16-இல் 3. மிச்சம் சுவர். உண்மையான கேமராவில் என்ன ஆகும்? பஸ்ஸின் விளிம்பு ஷட்டர் நேரத்தில் −8 முதல் +8 வரை பயணிக்கிறது. +5-ஐத் தாண்டி இருப்பது கடைசி 3 பிக்சல் பயணத்தில் மட்டும். அதாவது 16-இல் 3. அச்சாக அதே.

இனி விளிம்புக்கு 5 பிக்சல் உள்ளே வாருங்கள். இப்போது X பஸ்ஸில். வெளியே விழும் மூன்று சாம்பிள்களும் சுவர், பின்னால் இருக்கிறது, `behind` 1. நான் 8 பிக்சல் எட்டுகிறேன், எனவே `hitX` 1. சுவரின் பங்கு 16-இல் 3, பஸ்ஸின் பங்கு 13. சரியாக விளிம்பில் நின்றால் எந்தப் பக்கம் இருந்து வந்தாலும் பாதிக்குப் பாதி. வெளியே இருந்து உள்ளே போகும்போது எங்கும் தாவல் இல்லை, கத்தி வெட்டு காணாமல் போய்விடும்.

அடுத்து பைக். X சாலையில், `lenX` 8, பைக்கின் கைப்பிடியில் இருந்து 5 பிக்சல் தள்ளி. மூன்று சாம்பிள்கள் பைக்கில் விழுகின்றன. பைக் முன்னால், `inFront` 1. ஆனால் அதன் `lenY` பூஜ்யம், எனவே 5.5 தூரத்தில் `hitY` பூஜ்யம். பைக்கின் நிறம் ஒரு துளிகூட வராது. மற்ற 13 சாம்பிள்களும் சாலை, என்னோடு சேர்ந்து ஓடுபவை, எடை 1. காலியான 3 பங்கை X-இன் சொந்த நிறம் நிரப்பும். பைக்கின் மேல் நின்று பார்த்தால் `lenX` பூஜ்யம், சாலை உள்ளே நுழைய வழியில்லை. பைக் கூர்மையாகவே நிற்கும்.

சாலையில் முன்னும் பின்னும் உள்ள பிக்சல்களுக்கு டெப்த் நிறைய மாறுமே, அது கணக்கைக் கெடுக்காதா என்று தோன்றலாம். கெடுக்காது. பக்கத்துப் பிக்சல்கள் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் ஓடுவதால் `hitX`-ம் `hitY`-ம் ஒன்றுதான். `inFront`-ம் `behind`-ம் கூட்டினால் எப்போதும் 1 என்பதால் எடை மாறுவதில்லை. இந்த அழகுக்காகவே இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிடாமல் ஒன்றில் இருந்து மற்றதைக் கழிக்கிறேன்.

இத்தனைக்கும் பிறகு கசியும் இடம்

இதை எழுதி முடித்ததும் பைக்கின் மேல்பாதி சுத்தமாக இருக்கும். பிறகு டயர் தரையைத் தொடும் இடத்தை உற்றுப் பாருங்கள். அங்கே இன்னும் ஒரு கறுப்பு இழுப்பு இருக்க வாய்ப்பு அதிகம்.

காரணம் `softZ`. டயரின் அடிப்பகுதியும் அதை ஒட்டிய சாலையும் கேமராவில் இருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருக்கின்றன. வித்தியாசம் பூஜ்யத்தை நெருங்கும்போது `inFront` 0.5, `behind`-ம் 0.5. டயர் தன் வேகத்தால் எட்டாது. ஆனால் `behind * hitX` என்ற பாதி, டயர் பின்னால் இருக்கலாம் என்று எண்ணி 0.5 எடையோடு அதை உள்ளே விடுகிறது. `softZ`-ஐ 10 சென்டிமீட்டரில் இருந்து 2 சென்டிமீட்டராகக் குறைத்தால் இந்த இழுப்பு டயரின் ஓரத்தில் ஒரு மெல்லிய கோடாகச் சுருங்கும். பூஜ்யத்துக்கே கொண்டுபோகாதீர்கள், வளைந்த பரப்புகளில் ஒரே பொருளுக்குள்ளேயே முன்னால், பின்னால் என்ற முடிவு பிக்சலுக்குப் பிக்சல் மாறி, புள்ளி புள்ளியாகத் தெரியும். தூரத்தில் டெப்த்தின் துல்லியம் குறைவதால், `softZ`-ஐத் தூரத்தோடு சேர்த்துக் கொஞ்சம் வளரவிடுவது நல்லது. பைக்கின் நிழல் அந்த இடத்தில் விழுவதால் மிச்சமுள்ள கோடு பெரும்பாலும் கண்ணில் படாது.

டெப்த்தில் இன்னும் இரண்டு தப்புகள் சகஜம். ஒன்று, ஹார்டுவேர் டெப்த்தை நேராக்காமல் அப்படியே பயன்படுத்துவது. அதில் தூரத்துப் பொருள்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே எண்ணுக்குள் நெருங்கிக் கிடக்கும், எனவே அருகில் சரியாகவும் தூரத்தில் கசிவாகவும் தெரியும். இன்னொன்று, டெப்த் தலைகீழாக வைத்த எஞ்சினில் குறியை மாற்ற மறப்பது. அப்போது முன்னும் பின்னும் இடம் மாறி, நீங்கள் முதலில் சொன்ன இரண்டு கோளாறுகளுமே திரும்ப வரும். எல்லாம் சரியாக எழுதியும் பழைய படமே வருகிறது என்றால் குறியைச் சந்தேகப்படுங்கள்.

அப்புறம், வெலாசிட்டியையும் டெப்த்தையும் படிக்கும்போது பைலீனியர் வடிகட்டல் இருக்கக்கூடாது. விளிம்பில் பஸ்ஸின் 8-ம் சுவரின் 0-ம் கலந்து 4 என்று ஒரு வேகம் வரும். 10 மீட்டரும் 12 மீட்டரும் கலந்து 11 மீட்டரில் இல்லாத ஒரு பொருள் வரும். விளிம்பைச் சுற்றி ஒரு பிக்சல் தடிமனில் விசித்திரமான கோடு தெரிந்தால் இதுதான். `Load` அல்லது பாயின்ட் சாம்பிளர் போதும். நிறத்துக்கு மட்டும் பைலீனியர் இருக்கலாம்.

திசைகள் மோதும்போது

டைல் ஒரே ஒரு திசையைத்தான் நினைவில் வைக்கும். பஸ் இடமிருந்து வலம் போகிறது, அதன் முன்னால் ஒருவர் பந்தை மேலே எறிகிறார் என்றால், பந்தின் பிக்சலும் பஸ்ஸின் திசையில்தான் தேடும். அப்போது பந்து கிடைமட்டமாக மங்கிவிடும். இதைத் தடுக்க `lenX`, `lenY` இரண்டுக்கும் வெக்டரின் முழு நீளத்தை எடுக்காமல், தேடும் திசையின் ஓரலகு வெக்டரான `dir`-இல் அதன் பங்கை எடுங்கள்:

```hlsl
float lenY = abs(dot(reachY, dir));
```

செங்குத்தாக ஓடும் பந்துக்குக் கிடைமட்டத்தில் இது பூஜ்யம், எனவே பக்கவாட்டில் கசியாது. ஆனால் செங்குத்தாகவும் மங்காது. அதற்கு சாம்பிள்களைப் பங்கிடவேண்டும்: ஒன்றுவிட்டு ஒன்று டைலின் திசையிலும், மற்றவை, X-க்கு வேகம் இருந்தால், அதன் சொந்த வேகத்தின் திசையிலும் போகட்டும். ஒவ்வொரு பாதிக்கும் அதனதன் `dir`. 16 சாம்பிள் எட்டெட்டாகப் பிரிவதால் கொஞ்சம் இரைச்சல் கூடும். இருந்தாலும் கேமரா திரும்பும்போது பைக், சாலை, எதிர் வண்டி மூன்றும் மூன்று திசையில் ஓடும் உங்கள் விளையாட்டுக்கு இது அவசியம்.

`reach` 20-ஐ எட்டும்போது 16 சாம்பிளுக்கு இடைவெளி 2.5 பிக்சல் ஆகிறது. வரிவரியாகத் தெரியாமல் இருக்க, ஒவ்வொரு பிக்சலிலும் தொடக்கத்தை ஒரு இடைவெளிக்குள் நகர்த்துங்கள். முழு ரேண்டம் எண்ணைவிட ஹிமெனெஸின் இந்த ஒற்றை வரி நன்றாக உட்காரும்:

```hlsl
float n = frac(52.9829189 * frac(dot(p, float2(0.06711056, 0.00583715))));
```

`p` என்பது பிக்சல் இடம். அதே எண்ணைக் கொண்டு டைலைப் படிக்கும் இடத்தையும் லேசாக அசைத்தால், இரண்டு டைல்களின் திசை மாறும் எல்லையும் கரைந்துவிடும். அசைவு பெரிதானால் பஸ்ஸில் இருந்து தொலைவில் உள்ள பிக்சலும் பஸ்ஸின் திசையில் வீணாகத் தேடும், நேரம் போகும். டைல் அகலத்தில் கால் பங்கைத் தாண்டவேண்டாம்.

எந்த இடத்தில் ஓட்டுவது

டோன் மேப்பிங்குக்கு முன்னால், எச்டிஆர் நிறத்தில், புளூமுக்கும் முன்னால். எண் ஒன்று சொன்னால் புரியும். பஸ்ஸின் விளக்கு 20 என்ற ஒளிர்வில் இருக்கிறது, ஒரு பிக்சலில் அதன் பங்கு 16-இல் 3. முன்னால் ஓட்டினால் அங்கே 3.75, திரையில் இன்னும் பளீரென்ற கோடு. டோன் மேப் ஆகி 1-க்கு வெட்டுப்பட்ட பிறகு ஓட்டினால் 0.19, ஒரு சோர்ந்த சாம்பல் கறை. இரவுக் காட்சியில் இது உடனே கண்ணில் படும்.

கேமரா ஒரு இடத்தில் இருந்து இன்னொரு இடத்துக்குத் தாவும் ஃப்ரேமில் போன ஃப்ரேமின் மேட்ரிக்ஸை இன்றைய மேட்ரிக்ஸாகவே எழுதிவிடுங்கள். பூலில் இருந்து எடுத்து மறுபடி பயன்படுத்தும் வண்டிகளுக்கும் அதேதான். மறந்தால் ஒரே ஒரு ஃப்ரேமுக்கு முழுத் திரையோ ஒரு வண்டியோ நீளமாக இழுபடும். ஓடும்போது கண் சிமிட்டியது போலத்தான் தெரியும், ஃப்ரேம் ஃப்ரேமாக நிறுத்திப் பார்த்தால்தான் பிடிபடும்.

இந்த முறைக்கு எட்டாதவை

பஸ்ஸின் உள்விளிம்பில் தெரியும் 16-இல் 3 சுவர், உண்மையில் அந்த இடத்துக்குப் பின்னால் உள்ள சுவர் கிடையாது. பக்கத்தில் தெரிந்த சுவரைக் கடன் வாங்கியது. அளவு சரி, நிறம் ஊகம். சாதாரணச் சுவர், சாலை, மரம் என்றால் யாருக்கும் தெரியாது. கம்பி வேலி, எழுத்துப் பலகை போல ஒழுங்கான வடிவம் பின்னால் இருந்தால், மெதுவாக ஓட்டிப் பார்க்கும்போது விளிம்பில் கம்பிகள் இரட்டிப்பாகத் தெரியும். மறைந்திருப்பதை வரைந்த படத்தில் இருந்து எடுக்க முடியாது என்பதால் இதற்கு எடைகளில் மருந்து இல்லை.

பஸ்ஸின் நிழலும் மங்காது. நிழல் விழுந்த சாலைப் பிக்சலின் வேகம் சாலையின் வேகம்தான். நிழலுக்கென்று வெலாசிட்டி எங்கும் எழுதப்படுவதில்லை. கண்ணாடியில் தெரியும் பிரதிபலிப்புக்கும் இதே கதி. நிழலின் விளிம்பை முன்கூட்டியே கொஞ்சம் மென்மையாக வைத்தால் உறுத்தாது.

சக்கரம்தான் கடினமானது. பைக் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, டயரின் ஆரம் 0.3 மீட்டர் என்றால் சக்கரம் நொடிக்கு ஏறக்குறைய 56 ரேடியன் சுழல்கிறது. ஃப்ரேமுக்கு 53 டிகிரி, ஷட்டர் நேரத்தில் 26 டிகிரிக்கு மேல். நாம் வைத்திருப்பது நேர்கோட்டு வேகம். ஆரக்கால் ஒவ்வொன்றும் வளைந்து போகவேண்டிய இடத்தில் தொடுகோட்டில் இழுக்கப்பட்டு, சக்கரம் பல்சக்கரம் மாதிரி வெளியே பிதுங்கும். நான் செய்வது இது: ஒரு வேகத்தைத் தாண்டியதும், சுழற்சியில் மங்கியதாகவே வரைந்து வைத்த டெக்ஸ்சருக்கு மாறிவிட்டு, வெலாசிட்டி எழுதும்போது சக்கரத்தின் சுழற்சியை விட்டுவிட்டு பைக்கின் அசைவை மட்டும் எழுதுகிறேன். மாறுவது ஒரே ஃப்ரேமில் நடந்தால் தெரியும். 20 முதல் 30 கிலோமீட்டர் வரை இரண்டு டெக்ஸ்சரையும் கலந்து மாற்றுங்கள், சுழற்சி வேகத்தையும் அதே விகிதத்தில் குறைத்துக்கொண்டே வாருங்கள்.